துளையுள்ள வட்டத்தட்டின் திணிவுமையம்

நிலையியல் பயிலும் மாணாக்கர் அனைவரும் கண்டு பழகிய சிறு படமொன்று உண்டு. ஒரு பெரிய வட்டம். அதனுள்ளே, அதன் பரிதியை ஓரிடத்தில் உட்புறமாகத் தொட்டுநிற்கும் ஒரு சிறிய வட்டம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதி சாய்கோடுகளால் நிழற்றப்பட்டிருக்கும். சீரான தட்டிலிருந்து சிறிய வட்டத்தை வெட்டி நீக்கியபின் எஞ்சும் பகுதியின் திணிவுமையம் யாது என்பதே வினா.

என்னிடம் பயின்ற மாணவனொருவன் ஒருமுறை இவ்வினாவிற்கு விடை எழுதினான். பெரிய வட்டத்தின் ஆரை 12 சென்றிமீற்றர். துளையின் ஆரை 6 சென்றிமீற்றர். திணிவுமையம் பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து 2 சென்றிமீற்றர் தூரத்தில் உள்ளது என அவன் கண்டிருந்தான். எண் சரியே. ஆயினும் அப்புள்ளியைத் துளையின் பக்கமாகவே குறித்திருந்தான். சூத்திரத்தை மனனஞ் செய்திருந்த அவன், அதிலுள்ள கழித்தற்குறி எதைச் சொல்லுகின்றது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. படத்தில் எப்பகுதி நிழற்றப்பட்டுள்ளது என்பதையும் நோக்கவில்லை. அக்குறியின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் படத்தைப் படித்தல் வேண்டும். வாசகர் ஒரு தாளில் அதனை வரைந்துகொள்வாராக. பெரிய வட்டத்தின் மையத்தை O என்க. அதன் வலப்புறத்தே துளை அமைந்திருக்கட்டும். துளையின் மையம் C. இங்கு நிழல் என்பது அழகிற்காக இடப்பட்டதன்று; பொருள் உள்ள இடத்தை அது குறிக்கின்றது. நிழல் இல்லாத இடத்தில் வெறும் வெளியே உள்ளது. சில படங்களில் வெட்டியெடுக்கப்பட்ட பகுதியே நிழற்றப்பட்டிருக்கும். ஆதலின் வினாவின் சொற்களோடு நிழலை ஒப்புநோக்கிய பின்னரே கணித்தலிற் புகுதல் வேண்டும். அவ்வாறே, படத்தில் எழுதப்பட்ட நீளம் ஆரையா விட்டமா என்பதையும் தெளிந்துகொள்க. நாம் எடுத்துக்கொண்ட படத்தில் துளையின் ஆரை பெரிய ஆரையின் சரிபாதி. எனவே துளையின் விளிம்பு O என்னும் புள்ளியினூடாகவே செல்லும். OC என்னும் நீளம் 6 சென்றிமீற்றர்.

படம் OC என்னும் கோட்டைப்பற்றிச் சமச்சீரானது. கோட்டின் மேலே உள்ளது யாதோ அதுவே கீழேயும் உள்ளது. ஆகவே திணிவுமையம் அக்கோட்டின்மீதே கிடத்தல் வேண்டும். எஞ்சியுள்ள வினா இரண்டே: O விலிருந்து எவ்வளவு தூரம்? எந்தப் பக்கம்?

இவற்றிற்கு விடை காண எளிய வழி, வெட்டியெடுத்த துண்டை மீண்டும் துளையிற் பொருத்திவிடுதலே. பொருத்தியவுடன் முழுத்தட்டு கிடைக்கின்றது. முழுத்தட்டின் திணிவுமையம் O என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்முழுத்தட்டு இரண்டு பகுதிகளால் ஆயது: ஒன்று வெட்டிய சிறு வட்டம், மற்றையது நிழற்றிய எச்சம். இவ்விரண்டும் O வைப்பற்றி ஒன்றையொன்று சமன் செய்கின்றன. சிறு வட்டம் O விற்கு வலப்புறத்தே உள்ளதாதலின், எச்சத்தின் திணிவுமையம் இடப்புறத்தே இருந்தாலன்றிச் சமநிலை உண்டாகாது. திசைபற்றிய வினா இவ்வாறு கணிதம் எதுவுமின்றியே தீர்ந்துவிடுகின்றது. சூத்திரத்தில் வரும் கழித்தற்குறி கூறுவதும் இதுவே.

இனித் தூரத்தைக் காண்போம். தட்டு எங்கும் ஒரே தடிப்பும் ஒரே அடர்த்தியும் உடையது. ஆகவே திணிவுகள் பரப்பளவுகளின் விகிதத்திலேயே இருக்கும். வட்டத்தின் பரப்பளவு ஆரையின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆரைகள் 2 இற்கு 1 என்னும் விகிதத்தில் இருப்பதால், பரப்பளவுகள் 4 இற்கு 1 என்னும் விகிதத்தில் உள்ளன. முழுத்தட்டின் திணிவை 4 பங்கு எனக் கொண்டால், வெட்டிய வட்டம் 1 பங்கு. எச்சம் 3 பங்கு. எச்சத்தின் திணிவுமையத்தை G என்க. O வைப்பற்றித் திருப்புதிறன்களைச் சமப்படுத்தினால்,

3 × OG = 1 × 6

OG = 2 சென்றிமீற்றர்.

சிறுவர் ஏறி விளையாடும் ஏற்றவிறக்கப் பலகையை இது நினைவூட்டும். 1 பங்குள்ள சிறியவன் 6 சென்றிமீற்றர் தூரத்தில் இருக்க, 3 பங்குள்ள பெரியவன் மறுபுறத்தே 2 சென்றிமீற்றர் தூரத்தில் இருந்து அவனைச் சமன் செய்கின்றான்.

இம்முறை புதியதன்று. கிறித்துவிற்கு முன் 3ஆம் நூற்றாண்டிற் சிரக்கூசு நகரில் வாழ்ந்த ஆக்கிமிடீசு, தளங்களின் சமநிலைபற்றிய தமது நூலின் முதற் பகுதியில், ஒரு பொருளிலிருந்து ஒரு பகுதி நீக்கப்பட்டால் எஞ்சியதன் மையம் எங்கே அமையும் என்பதைத் தனியொரு தேற்றமாகவே நிறுவியுள்ளார். நீக்கிய பகுதியின் மையத்தையும் முழுப்பொருளின் மையத்தையும் இணைக்கும் கோட்டை மறுபுறம் நீட்டினால் அங்கே அது கிடக்கும் என்பதும், தூரங்கள் திணிவுகளுக்கு நேர்மாறு விகிதத்தில் இருக்கும் என்பதும் அத்தேற்றத்தின் சாரம்.

பெரிய ஆரையை R எனவும், துளையின் ஆரையை r எனவும், OC ஐ d எனவும் பொதுவாகக் கொண்டால், மேற்கூறிய சமன்பாடு பின்வருமாறு அமையும்:

(R² − r²) × OG = r² × d

OG = r² d / (R² − r²)

மாணாக்கர் இங்கு இழைக்கும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, முழுத்தட்டின் திணிவால் வகுத்தல். எம்முடைய உதாரணத்தில் அது 6/4, அதாவது 1.5 சென்றிமீற்றர் என்னும் பிழையான விடையைத் தரும். வகுக்கவேண்டியது எச்சத்தின் திணிவால்; ஏனெனில் நாம் தேடுவது எச்சத்தின் மையத்தையே. மற்றையது, வர்க்கங்களை விடுத்து ஆரைகளையே விகிதமாகக் கொள்ளுதல். அப்போது 6 சென்றிமீற்றர் என வரும். இவ்விடைகளை மீளப் பொருத்திச் சோதிக்க: 3 பங்கை 1.5 ஆற் பெருக்கினால் 4.5, 3 பங்கை 6 ஆற் பெருக்கினால் 18. இரண்டும் மறுபுறத்துள்ள 6 ஐச் சமன் செய்யா. சரியான விடை மாத்திரமே முழுத்தட்டின் மையத்தை மீண்டும் O விற்குக் கொண்டுவரும்.

தாளில் மாத்திரமன்றிக் கையாலும் இதனைச் சோதிக்கலாம். விறைப்பான அட்டையிலோ மெல்லிய ஒட்டுப்பலகையிலோ இத்தட்டை வெட்டுக. துளை பரிதியைத் தொடும் இடத்தில் இரு கூரிய முனைகள் உண்டாகும். மென்மையான அட்டையாயின் அவை வளைந்து அளவைக் கெடுத்துவிடும். OC இற்குச் செங்குத்தான விட்டத்தின் மேல்முனையில், விளிம்பை ஒட்டிச் சிறு துவாரமிட்டு, ஆணியொன்றில் தட்டு தடையின்றி ஆடுமாறு தொங்கவிடுக. அதே ஆணியிலிருந்து சிறு பாரங் கட்டிய நூலொன்றையும் தொங்கவிடுக. தட்டு அசைவற்று நின்றதும், நூல் OC இன் நீட்சியை வெட்டும் இடத்தைக் குறித்து, O விலிருந்து அளந்து பார்க்க. அது துளைக்கு எதிர்ப்புறத்தே 2 சென்றிமீற்றரளவில் இருக்கும். நூலிற்கும் அவ்விட்டத்திற்கும் இடையே உண்டாகும் கோணத்தின் தான்சன் ஏறத்தாழ 2/12 ஆகும். கோணம் ஏறத்தாழ 9½ பாகை. முற்கூறிய மாணவனும் இவ்வாறு தொங்கவிட்டுப் பார்த்த பின்னரே தன் பிழையை உணர்ந்தான். தட்டின் துளையுள்ள பக்கம் மேலே எழுந்து, நிறைந்த பக்கம் தாழ்ந்து நின்றதை அவன் கண்ணாற் கண்டான். நூல் 2 இலிருந்து பெரிதும் விலகினால், துளை சரியாக வெட்டப்படவில்லை, அல்லது அட்டை சீரானதன்று, அல்லது ஆணியில் உராய்வு மிகுந்துள்ளது எனக் கொள்க.

இனி ஒரு சுவையான வினா எழுகின்றது. துளை பரிதியைத் தொட்டவாறே வரவரப் பெரிதானால் G எங்கே செல்லும்? துளை தொட்டுநிற்கும்போது d = R − r. ஆதலின் சூத்திரம் சுருங்கி,

OG = r² / (R + r)

என ஆகும். r ஏறக்குறைய R அளவிற்கு வளரும்போது எச்சம் மெல்லிய பிறைபோல் ஆகிவிடும்; அப்போது OG என்பது R/2 ஐ அணுகும். G விளிம்பிற்குச் செல்லுமென்று எதிர்பார்ப்போர் உண்டு. ஆனால் பிறையின் இரு கரங்களும் வட்டத்தைச் சுற்றிப் படர்ந்துள்ளமையால், அவை மையத்தை அவ்வளவு தூரம் செல்லவிடுவதில்லை.

பிறையின் திணிவுமையம் பிறையில் இல்லாமல் வெறும் வெளியிற் கிடக்கின்றது என்பதையும் இங்கே காண்க. எம்முடைய முதல் உதாரணத்தில் G நிழலினுள்ளே இருந்தது. ஆணி முனையொன்றில் அத்தட்டைக் கிடையாக நிறுத்திவைக்கலாம். துளையின் ஆரையை 8 சென்றிமீற்றர் ஆக்கினால், OG = 64/20 = 3.2 சென்றிமீற்றர், துளையின் விளிம்போ O வைக் கடந்து 4 சென்றிமீற்றர் வரை செல்லுகின்றது. ஆகவே G துளையினுள்ளே விழுந்துவிட்டது. இத்தட்டை எந்த ஒற்றை முனையிலும் கிடையாக நிறுத்துதல் இயலாது.

ஆயின், G நிழலை விட்டு நீங்கும் எல்லை எது? துளையின் விளிம்பு O வைக் கடந்து செல்லும் தூரம் 2r − R. G சரியாக அவ்விளிம்பில் இருக்கவேண்டுமாயின்,

r² / (R + r) = 2r − R

இதனைச் சுருக்கினால் r² + Rr − R² = 0 என வரும். இதிலிருந்து r ஆனது R இன் 0.618 மடங்கு எனக் கிடைக்கின்றது. R இற்கும் r இற்கும் உள்ள விகிதமே r இற்கும் R − r இற்கும் உள்ளது. யூக்கிளிட்டு தமது கேத்திரகணித நூலில் கோடொன்றைப் பிரித்துக் காட்டிய, பின்னையோர் பொன்விகிதம் என்றழைத்த, விகிதம் இதுவே. 12 சென்றிமீற்றர் ஆரையுள்ள தட்டில் துளையின் ஆரை ஏறத்தாழ 7.4 சென்றிமீற்றராகும்போது இவ்வெல்லை எய்தப்படும்.

இவையனைத்தும் தட்டு சீரானது என்னும் ஒரு கொள்கையின்மேல் நிற்கின்றன. தடிப்பு இடத்திற்கிடம் வேறுபடின் பரப்பளவைத் திணிவிற்குப் பதிலாகக் கொள்ளுதல் கூடாது. துளையில் வேறொரு பொருளை நிரப்பினும் விடை மாறும்: தட்டினும் அடர்த்தி மிக்க ஈயத்தை நிரப்பினால் G துளையின் பக்கமாகவே சாயும். அப்போது அம்மாணவன் குறித்த திசை சரியாகிவிடும். ஆனால் அப்போது துளையும் நிழற்றப்பட்டிருத்தல் வேண்டும்.