பக்கவாட்டில் பிறக்கும் மின்னழுத்தம்

ஜெராம் கடற்கரையில் நின்று கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். கடலைப் பார்த்து நின்றால் முள் மேற்கைக் காட்ட வேண்டும். சில நேரம் அது வேறு எங்கோ காட்டும். அப்போது, கைப்பேசியைக் காற்றில் எட்டு வடிவத்தில் சுழற்றும்படி திரையில் ஒரு குறிப்பு வரும். நாமும் கையைச் சுழற்றுவோம், முள் சரியாகிவிடும். ஏன் எட்டு போட வேண்டும் என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கான விடை 1879ஆம் ஆண்டில் ஒரு தங்கத் தாளில் தொடங்குகிறது.

அந்த ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற மாணவர் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மாக்ஸ்வெல் எழுதிய மின்காந்த நூலில் ஒரு கருத்து அவரை உறுத்தியது. மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தம் தள்ளுகிறது அல்லவா? அந்தத் தள்ளல் கம்பியின் மீதுதான், உள்ளே ஓடும் மின்னோட்டத்தின் மீது அல்ல என்று அந்நூல் சொன்னது. ஹால் இதை ஏற்கவில்லை. மின்னோட்டம் இல்லாத கம்பியைக் காந்தம் தள்ளுவதில்லையே! அப்படியானால் தள்ளப்படுவது உள்ளே ஓடுவதுதானே? கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டால், ஓடுவது மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்க வேண்டும்.

அவருடைய ஆசிரியர் ரோலண்டின் யோசனைப்படி, கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தங்கத் தாளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதை வலிமையான மின்காந்தத்தின் நடுவே வைத்தார். தாளின் இரு ஓரங்களிலும் கம்பி தொட்டு அளந்தபோது, ஓரங்களுக்கு இடையே மிகச் சிறிய மின்னழுத்தம் தெரிந்தது. இதுதான் ஹால் விளைவு. எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல்தான். ஓடுவது என்ன என்றே தெரியாத காலத்தில், அது ஒதுங்குவதை ஹால் அளந்துவிட்டார்.

இடக்கையை நீட்டுங்கள்

படிவம் ஐந்தில் படிக்கும் ஃபிளெமிங் இடக்கை விதி இங்கே போதும். மேசை மேல் ஓர் உலோகப் பட்டை கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் இடமிருந்து வலமாகப் போகிறது. காந்தப்புலம் மேலிருந்து கீழாக, மேசையைத் துளைப்பதுபோல் இறங்குகிறது. இடக்கையின் ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கியும் நடுவிரலை வலப்பக்கமும் வையுங்கள். கட்டைவிரல் உங்களை விட்டு விலகி எதிர்ப்பக்கம் காட்டும். அதாவது, ஓடும் துகள்கள் பட்டையின் எதிர் ஓரத்துக்குத் தள்ளப்படும்.

இனி ஒரு கேள்வி. ஓடுபவை நேர்மின் துகள்களா, எதிர்மின் துகள்களா? நேர்மின் துகள்கள் என்றால் அவை மின்னோட்டத்தின் திசையிலேயே வலப்பக்கம் ஓடும். எதிர்மின் துகள்கள் என்றால் இடப்பக்கம் ஓடும். சாதாரண அம்மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. ஆனால் காந்தம் தள்ளும் திசை, துகளின் மின்னூட்டம், அது ஓடும் திசை ஆகிய இரண்டையும் பொறுத்தது. எதிர்மின் துகளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தலைகீழாகின்றன. இரண்டு முறை திரும்பினால் பழைய திசையே வரும். ஆகவே எந்த வகைத் துகளாக இருந்தாலும் அதே எதிர் ஓரத்தில்தான் குவியும்.

இங்கேதான் விடை வெளிப்படுகிறது. குவிந்தவை நேர்மின் துகள்கள் என்றால் எதிர் ஓரம் நேர்மின் ஆகும். எதிர்மின் துகள்கள் என்றால் அதே ஓரம் எதிர்மின் ஆகும். வோல்ட்மீட்டர் காட்டும் கூட்டல், கழித்தல் குறியைப் பார்த்தே உள்ளே ஓடுவது எது என்று சொல்லிவிடலாம். தங்கத்திலும் செம்பிலும் குறி, எதிர்மின் துகள்கள் என்றே சொல்கிறது.

எத்தனை பேர் ஓடுகிறார்கள்?

ஓரத்தில் துகள்கள் குவியக் குவிய, அவை பின்னால் வருபவற்றை எதிர்த்துத் தள்ளும். காந்தத்தின் தள்ளலும் இந்த எதிர்ப்பும் சமமானதும் குவிதல் நின்றுவிடும். அப்போது ஓரங்களுக்கு இடையே நிலைத்து நிற்பதுதான் ஹால் மின்னழுத்தம். அதன் சூத்திரம்:

V = IB / (nqt)

I மின்னோட்டம், B காந்தப்புலம், q ஒரு துகளின் மின்னூட்டம், t பட்டையின் தடிப்பு. n என்பது ஒரு கன மீட்டரில் ஓடக்கூடிய துகள்களின் எண்ணிக்கை. அது சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். துகள்கள் குறைந்தால் மின்னழுத்தம் கூடும். இது விசித்திரமாகத் தோன்றலாம். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளில் போய்ச் சேர வேண்டிய குலைகளின் அளவு மாறவில்லை, ஆனால் லாரிகள் குறைந்துவிட்டன. இருக்கும் லாரிகள் வேகமாக ஓடித்தானே ஆக வேண்டும்? துகள்களும் அப்படித்தான். வேகம் கூடினால் காந்தம் ஒவ்வொரு துகளையும் தள்ளும் விசையும் கூடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 சென்டிமீட்டர் அகலமும் 0.1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள செம்புப் பட்டையில் 1 ஆம்பியர் ஓடட்டும். காந்தப்புலம் 0.5 டெஸ்லா. செம்பில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 × 10²⁸ எலெக்ட்ரான்கள் ஓடத் தயாராக இருக்கின்றன. விடை சுமார் 0.37 மைக்ரோவோல்ட். பள்ளி ஆய்வகத்தில் உள்ள சாதாரண மல்டிமீட்டரின் மிகச் சிறிய படி 0.1 மில்லிவோல்ட், அதாவது 100 மைக்ரோவோல்ட். நமக்கு வெறும் சுழியம்தான் தெரியும். ஹால் தங்கத் தாளைத் தேடியதன் காரணம் இதுதான். தடிப்பு குறைந்தால் மின்னழுத்தம் கூடும்.

இப்போது செம்புக்குப் பதிலாக அதே அளவுள்ள சிலிக்கான் பட்டையை வையுங்கள். சிலிக்கானில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் கலந்து, ஒரு கன மீட்டருக்கு 10²² எலெக்ட்ரான்கள் மட்டும் ஓடும்படி செய்திருக்கிறார்கள். மின்னோட்டத்தையும் ஆயிரத்தில் ஒரு பங்காக, 1 மில்லி ஆம்பியராகக் குறைப்போம். ஆனாலும் விடை 3.1 மில்லிவோல்ட். இது மல்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும். காந்தத்தை உணரும் கருவிகளைக் குறைகடத்திகளில் செய்வதற்கு இதுவே காரணம். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், மின்னழுத்தத்தை அளந்து n எவ்வளவு என்று கணக்கிடலாம். புதிய குறைகடத்தியில் ஓடும் துகள்களை எண்ண ஆய்வகங்கள் இன்றும் இந்த வழியைப் பயன்படுத்துகின்றன.

ஒரு மாணவியின் கேள்வி

உலோகம் என்றால் எலெக்ட்ரான், ஆகவே குறி எப்போதும் எதிர்மின் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஹால் இரும்பை வைத்துப் பார்த்தபோது குறி தலைகீழாக இருந்தது. துத்தநாகத்திலும் அப்படித்தான். நேர்மின் துகள்கள் ஓடுவதுபோல் அளவீடு காட்டியது. சிலிக்கானில் பாஸ்பரஸுக்குப் பதில் போரான் கலந்தாலும் குறி மாறும். அங்கே ஓடுபவற்றைத் 'துளைகள்' என்கிறோம்.

துளையை விளக்க நான் வகுப்பில் நாற்காலி உவமையைச் சொல்வேன். வரிசையில் ஒரு நாற்காலி காலி. பக்கத்தில் இருப்பவர் அதற்கு நகர, அவர் இடம் காலியாகும். ஆட்கள் இடப்பக்கம் நகர்ந்தால் காலியிடம் வலப்பக்கம் நகரும். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "சார், நகர்வது எலெக்ட்ரான்தானே? அப்படியென்றால் ஓரத்தில் குவிவதும் எலெக்ட்ரான்தானே? குறி ஏன் மாறுகிறது?" என்று கேட்டார்.

அருமையான கேள்வி. நாற்காலி உவமை இந்த இடத்தில் உதவாது. படிகத்துக்குள் எலெக்ட்ரான் சிறு பந்துபோல் நடந்துகொள்வதில்லை. அது அலை. வரிசை வரிசையாக நிற்கும் அணுக்களுக்கு நடுவே, ஏறக்குறைய நிரம்பிவிட்ட ஆற்றல் பட்டையின் உச்சியில் இருக்கும் எலெக்ட்ரானைத் தள்ளினால், அணுக்களின் எதிர்வினையால் அது தள்ளிய திசைக்கு எதிராக முடுக்கம் பெறும். அத்தகைய எலெக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து, ஒரு சில நேர்மின் துகள்கள் ஓடுவதுபோலவே நடந்துகொள்கின்றன. இதை 1929இல் பெயர்ல்ஸ் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு விளக்கினார். ஹாலின் தங்கத் தாளுக்கு 50 ஆண்டுகளுக்குப் பிறகே அந்த விடை கிடைத்தது.

பொய் மின்னழுத்தமும் எட்டும்

இனி கடற்கரைக்குத் திரும்புவோம். நம் சிலிக்கான் பட்டையின் இரு ஓரங்களிலும் கம்பிகளை நேருக்கு நேர் தொடவேண்டும். ஒரு கம்பி 1 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் என்ன ஆகும்? மின்னோட்டம் பாயும் திசையில் பட்டை நெடுக மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. இந்தப் பட்டையில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 5.2 மில்லிவோல்ட். ஆகவே காந்தமே இல்லாதபோதும் மீட்டர் 5.2 காட்டும். நாம் தேடும் 3.1ஐ விட இந்தப் பொய் பெரியது!

அதைப் பிடிக்க எளிய வழி உண்டு. காந்தத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஹால் மின்னழுத்தத்தின் குறி மாறும், பொய்யின் குறி மாறாது. முதலில் மீட்டர் 5.2 + 3.1 = 8.3 காட்டும். திருப்பிய பிறகு 5.2 − 3.1 = 2.1 காட்டும். இரண்டின் வேறுபாடு 6.2, அதில் பாதி 3.1. உண்மை தனியாக வந்துவிட்டது. ஒருமுறை மட்டும் அளந்தவர், துகள்களின் எண்ணிக்கையைத் தவறாகக் கணக்கிட்டிருப்பார். பொய் எதிர்த் திசையில் இருந்திருந்தால் குறியையே மாற்றிச் சொல்லியிருப்பார்.

பல கைப்பேசிகளில் திசைகாட்டியாக வேலை செய்வது ஹால் உணரிதான். நம் வட்டாரத்தில் பூமியின் காந்தப்புலம் 42 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்கிறது. மேலே கணக்கில் எடுத்த 0.5 டெஸ்லாவை விட ஏறத்தாழ 12,000 மடங்கு சிறியது. அதனால் உணரியில் உள்ள மிகச் சிறிய பிழையும், கைப்பேசியின் ஒலிபெருக்கிக் காந்தமும் சேர்ந்து பெரிய பொய்யாகிவிடும். பூமியை நம்மால் தலைகீழாகத் திருப்ப முடியாது. ஆனால் கைப்பேசியைத் திருப்பலாம். எட்டு போடும்போது உணரி எல்லாத் திசைகளுக்கும் திரும்புகிறது. பூமியின் காந்தப்புலத்தால் வரும் அளவு கூடியும் குறைந்தும் குறி மாறியும் போகும். கைப்பேசியோடு ஒட்டியே வரும் பொய் மட்டும் மாறாமல் நிற்கும். மாறாததைக் கண்டுபிடித்துக் கழித்தால் மீதி வடக்கு.

அடுத்த முறை திரையில் அந்தக் குறிப்பு வரும்போது, எட்டு போடுவதற்கு முன்னும் பின்னும் முள் காட்டும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் கைப்பேசி சொல்லிவந்த பொய்.