தேயிலைக் கொழுந்தின் அமினோ அமிலங்களும் சமமின் புள்ளியும்

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிற் பறிக்கப்படும் கொழுந்தில் குளூற்றாமிக்கமிலமும் தியனைனும் உள்ளன. தியனைன் 1949இல் யப்பானில் தேயிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. செடியின் வேரில் குளூற்றாமிக்கமிலம் எதைலமீனுடன் இணைவதால் அது பெரும்பாலும் உருவாகி, பின் கொழுந்துக்கு ஏறுகின்றது. உறவு இவ்வளவு நெருங்கியதாயினும் ஒரே கரைசலில் இவற்றின் மின்னேற்றங்கள் வேறுபடுகின்றன. அதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் சமமின் புள்ளியை மனனஞ் செய்ய வேண்டியதில்லை.

அமினோ அமிலத்தின் மின்னேற்றம் அதனுள் நிலையாக உறைந்திருக்கும் பண்பன்று. மூலக்கூற்றுக்கும் அது கரைந்துள்ள ஊடகத்துக்கும் இடையிலான உறவின் விளைவாகும். அமிலத்தன்மை மிகுந்த ஊடகத்தில் காபொட்சிற் கூட்டம் ஏற்றமின்றியும் அமினோக் கூட்டம் நேரேற்றத்துடனும் இருக்கும். pH உயர உயரக் கூட்டங்கள் ஒவ்வொன்றாகப் புரோத்தனை இழக்கின்றன. ஒரு கூட்டத்திற் சரிபாதி புரோத்தனை இழந்திருக்கும் pH பெறுமானமே அதன் pKa ஆகும். நேரேற்றமும் எதிரேற்றமும் சமமாகித் தேறிய ஏற்றம் பூச்சியமாகும் pH, சமமின் புள்ளி (pI) எனப்படும்.

குளூற்றாமிக்கமிலத்துக்கு 2.19, 4.25, 9.67 என மூன்று pKa பெறுமானங்கள் உள்ளன. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 5.37 என விடையெழுதுதல் மாணவரிடையே காணப்படும் தவறாகும். படிகளை எண்ணிப் பார்ப்போம். pH உயரும்போது தேறிய ஏற்றம் +1, 0, −1, −2 என மாறுகின்றது. பூச்சிய நிலையின் இருபுறமும் எல்லையாக நிற்பவை 2.19உம் 4.25உம் மட்டுமே.

pI = (2.19 + 4.25) / 2 = 3.22

இவ்விடையைச் சோதித்தறியலாம். pH 3.22இல் முதற் காபொட்சிற் கூட்டத்தில் ஏறத்தாழ 91 சதவீதமும், பக்கச்சங்கிலிக் கூட்டத்தில் 9 சதவீதமும் எதிரேற்றம் பெற்றுள்ளன. இரண்டுஞ் சேர்ந்து −1 ஆகின்றன. அமினோக் கூட்டத்தின் +1 அதனை ஈடுசெய்கின்றது. மாறாக, pH 5.37இல் பக்கச்சங்கிலியின் 93 சதவீதம் எதிரேற்றம் பெற்றுவிடுவதால் தேறிய ஏற்றம் −0.93 ஆகும். தவறான விடை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கின்றது.

தியனைனில் அப்பக்கச்சங்கிலிக் காபொட்சில், எதைலமீனுடன் இணைந்து அமைட்டாகிவிட்டது. அதற்கு இழப்பதற்குப் புரோத்தன் இல்லை. எஞ்சுபவை இரண்டு கூட்டங்களே. இதே அமைப்புடைய குளூற்றமீனின் 2.17, 9.13 என்னும் பெறுமானங்களைக் கொண்டு கணித்தால் pI 5.65 ஆகும்; தியனைனின் பெறுமானமும் இதனை அண்மியதே. இரு pKa பெறுமானங்களுக்கும் இடையே அகன்ற வெளி இருப்பதால் pH 4 முதல் 7 வரை தேறிய ஏற்றம் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். ஆகவே, சமமின் புள்ளிக்கு அப்பாற் சென்றவுடன் ஏற்றம் முழுமையாக மாறிவிடும் என்று கருதலாகாது.

pH 5 உடைய தாங்கற் கரைசலில் நனைத்த தாளில் இரண்டையும் இட்டு மின்புலத்தைச் செலுத்தினால், −0.85 ஏற்றங்கொண்ட குளூற்றாமிக்கமிலம் நேர்முனையை நோக்கி நகரும். தியனைன் இட்ட இடத்தை ஒட்டியே நிற்கும். தாளை உலர்த்தி நின்ஐதரின் தெளித்துச் சூடாக்க, இரு நிறப்பொட்டுகள் வெவ்வேறிடங்களில் தோன்றும். ஒரேயொரு கூட்டம் இணைப்பில் அகப்பட்டதன் விளைவை அவற்றின் இடைவெளியிற் காணலாம்.