இரவு 11 முதல் 1 மணி வரை சேவை இயங்காது

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 நவம்பரில் முடிந்தது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் அதை வைத்திருப்பவர்கள் 16 போன்ற புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டும். "ஞாயிறு இரவு 11 முதல் 1 மணி வரை சேவை இயங்காது" என்று பயனர்களுக்கு மின்னஞ்சல் வருவது அதற்காகத்தான்.

pg_upgrade என்ற கருவி, கோப்புகளை நகலெடுக்காமல் இணைப்பு முறையில் மாற்றினால் பெரிய தரவுத்தளமும் சில நிமிடங்களில் மாறிவிடும். பிறகு ஏன் 2 மணி நேரம்?

முதலில் புதிய பதிவுகளை நிறுத்தி, முழுக் காப்புநகல் எடுக்க வேண்டும். இணைப்பு முறையில் புதிய பதிப்பை ஒருமுறை இயக்கிவிட்டால், பழைய கோப்புகளைக் கொண்டு திரும்ப முடியாது, காப்புநகல்தான் வழி. அடுத்து, தேடலுக்கு வழிகாட்டும் புள்ளிவிவரங்களைப் புதிதாகச் சேகரிக்க வேண்டும். அவை 16க்குக் கூடவே வருவதில்லை. இந்தப் படியைத் தவறவிட்டால், நொடியில் வந்த விடை நிமிடக்கணக்கில் இழுக்கும். பிழை நேர்ந்தால் மீட்கவும் நேரம் ஒதுக்க வேண்டும்.

எனவே தொடக்கம், முடிவு, படிகள், தாமதமானால் எப்போது தகவல் வரும் என நான்கையும் மின்னஞ்சல் சொல்ல வேண்டும். பயனர்களே, 10.45க்குள் வேலையைச் சேமித்து வெளியேறிவிடுங்கள்.