சப்டைட்டில் சரிபார்ப்பு: மலையாள - தமிழ் வசனவரிகள்

சப்டைட்டில் சரிபார்ப்பு என்பது மொழிபெயர்த்து முடித்த வசனவரிக் கோப்பைத் திரைக்குச் செல்லும் முன் படத்தோடு வைத்துப் பார்த்துத் திருத்தும் பணி. வரி தோன்றி மறையும் நேரம், வரியின் நீளம், வாசிக்கக் கிடைக்கும் அவகாசம், மொழிமாற்றத்தில் நகைச்சுவை பிழைத்திருக்கிறதா என்பது ஆகியவை இதில் பார்க்கப்படும். இந்த நான்கும் தனித்தனிப் பிரிவுகளாகச் சொல்லப்பட்டாலும், ஒரு நகைச்சுவைக் காட்சியில் ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும்.

மலையாளப் படங்களுக்குத் தமிழ் வரிகள் எழுதும்போது எழும் சிக்கல்களை விளக்க மார்த்தாண்டம் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அருகில், திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர் நிலப்பகுதியாக இருந்தது. அங்கு தமிழ் பேசுபவர்களில் பலருக்கு மலையாளமும் காதில் விழுந்த உடனே விளங்கும். குடிநீரை ‘வெள்ளம்’ என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒருவர் சரிபார்ப்பவராக அமைவது வசதி, கூடவே ஓர் ஆபத்தும் கூட. திரையில் விடுபட்டதைக் காது நிரப்பிவிடும். வரி தவறாக இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும். ஆகவே அவர் முதல் முறை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு, வரிகளை மட்டுமே நம்பிப் படத்தைப் பார்க்க வேண்டும். மலையாளம் அறியாத மதுரைக்காரர் எங்கே தடுமாறுவார் என்பது அப்போதுதான் தெரியும். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) போன்ற படங்கள் மலையாளத்திலேயே தமிழகமெங்கும் ஓடியிருப்பதால் அத்தகைய பார்வையாளர்கள் சிலர் மட்டுமல்லர்.

ஒரு காட்சி

விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட ஒரு காட்சி. மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீடு. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த மலையாளி ஒருவர், மதுரையிலிருந்து வந்த விருந்தினரிடம் ‘எனிக்கு நிங்ஙளுடெ சம்சாரம் இஷ்டப்பெட்டு’ என்கிறார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. தமிழில் மனைவி. மதுரைக்காரர் கொதிக்கிறார். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் மட்டும் சிரிக்கிறார், அவருக்கு இரண்டு பொருளும் தெரியும். சரிபார்க்க வந்த கோப்பில் இது இப்படி இருக்கிறது:

```
212
00:41:07,200 --> 00:41:09,200
-உன் பேச்சு எனக்குப் பிடிச்சிருக்கு.
-ஏய்! யாரப் பத்திப் பேசுற?
```

எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வரிகள் என்ற இந்த அமைப்பு SRT கோப்பினுடையது. காற்புள்ளிக்குப் பின் வரும் மூன்று இலக்கங்கள் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகள். மொழிபெயர்ப்பு அகராதிப்படி சரிதான். ஆனால் பேச்சைப் பாராட்டியதற்கு ஒருவர் ஏன் கோபப்படுகிறார் என்பது ஒலியில்லாமல் பார்ப்பவருக்கு விளங்காது. இன்னொரு பிழையும் உண்டு. மதுரைக்காரர் வாய் திறப்பது 41:08,700இல். வரியோ ஒன்றரை நொடி முன்னதாகவே அவர் கோபத்தைக் காட்டிவிடுகிறது. முடிச்சும் அவிழ்ப்பும் ஒரே நேரத்தில் திரையில் இருந்தால் சிரிப்பு வராது.

எழுத்துகளை எண்ணுவது

இந்த வரிகளைப் பல மென்பொருள்கள் சிவப்பில் காட்டும். நொடிக்கு எத்தனை குறிகள் என்பதே வாசிப்பு வேகத்தின் அளவு. ஆங்கில வரிகளுக்குப் பொதுவாக ஒரு வரியில் 42 குறிகளும் நொடிக்கு 17 முதல் 20 குறிகளும் வரம்பாகக் கொள்ளப்படுகின்றன. தமிழுக்கு வரும்போது ‘குறி’ என்பது எது என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ‘மார்த்தாண்டம்’ என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 7. யூனிகோடில் புள்ளி, துணைக்கால் எல்லாம் தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதால் கணினிக்கு அது 13.

மேலுள்ள இரண்டு வரிகளும் யூனிகோடு கணக்கில் 62 குறிகள். இரண்டு நொடிக்கு அது நொடிக்கு 31. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக எண்ணினால் 40, நொடிக்கு 20. முதல் எண்ணைப் பார்த்துப் பதறி நல்ல வசனத்தை வெட்டிக் குறுக்குவது தமிழ்க் கோப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டாவது எண்ணை அப்படியே நம்புவதும் சரியன்று. தமிழ் உயிர்மெய் ஒன்று மெய்யையும் உயிரையும் சேர்த்துச் சுமப்பதால், ஆங்கில எழுத்து ஒன்றைவிட அதில் ஒலி அதிகம். எனவே எண் ஒரு சந்தேகத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே. ஒலியற்ற ஓட்டத்தில் வரியை வாசித்து முடித்தபின் நடிகரின் முகத்தைப் பார்க்க நேரம் மிச்சமிருக்கிறதா என்பதே முடிவு சொல்லும். இந்தக் காட்சியில் மிச்சமில்லை. முகத்தில்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது.

திருத்தம்

தமிழ் வரிக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம். மூலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

```
212
00:41:07,200 --> 00:41:08,600
உன் சம்சாரம் எனக்குப் பிடிச்சிருக்கு.

213
00:41:08,700 --> 00:41:10,300
ஏய்! யாரப் பத்திப் பேசுற?
```

இப்போது பார்வையாளரும் மதுரைக்காரரோடு சேர்ந்து தவறாகப் புரிந்துகொள்கிறார். ‘பேச்சத்தான் சொன்னேன்’ என்று மலையாளி அடுத்து விளக்கும்போது அவரும் சேர்ந்தே விடுபடுகிறார். கண்ணால் எண்ணினால் முதல் வரி நொடிக்கு ஏறக்குறைய 16 எழுத்து, இரண்டாவது 11. இரண்டாவது வரி வசனம் முடிந்த பிறகும் சற்று நீடிக்கிறது. அடுத்த பேச்சோ காட்சி மாற்றமோ குறுக்கிடாதவரை அப்படி நீட்டலாம். இரண்டு வரிகளுக்கும் இடையே விடப்பட்ட நூறு மில்லி நொடி, 24 சட்டகப் படத்தில் இரண்டு சட்டகத்துக்குச் சற்று மேல். அந்தச் சிறு வெற்று இடைவெளி இல்லாவிட்டால் வரி மாறியதைக் கண் கவனிக்காது.

இதே காட்சிக்கு ஆங்கில வரி எழுதும்போது இந்த வழி அடைபட்டுவிடும். பேச்சையும் மனைவியையும் ஒருசேரக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இல்லை. அங்கே மதுரைக்காரரின் பதிலில் ‘என் பெண்டாட்டியையா?’ என்ற பொருளைச் சேர்த்தால், சிலேடை போனாலும் கோபத்தின் காரணமாவது மிஞ்சும். அடுத்த வசனமோ ஒருவரின் செயலோ சிலேடையைச் சார்ந்திருந்தால் அதைக் காப்பாற்றியே தீரவேண்டும். சார்ந்திராவிட்டால் விட்டுவிடலாம். ‘குடிக்க வெள்ளம் தா’ என்று ஒரு பாட்டி கேட்பது நகைச்சுவை அன்று, வட்டார வழக்கு. அங்கே ‘தண்ணீர்’ என்ற பொருளே போதும். அதைப் பெருவெள்ளம் என்று மொழிபெயர்ப்பதுதான் பிழை. சிலேடையை விளக்கி அடைப்புக்குறிக்குள் குறிப்பெழுதும் பழக்கம் சில கோப்புகளில் காணப்படுகிறது. விளக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் காட்சி கடந்துவிடும்.

கோப்பு முழுவதும் நகர்ந்திருந்தால்

வரிக்கு வரி திருத்தத் தொடங்கும் முன் படத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒவ்வொரு வசனத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிந்தியிருந்தால் கோப்பு மொத்தத்தையும் அந்த அளவு நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போகப் பிழை கூடிக்கொண்டே வந்தால் சட்டக வேகம் பொருந்தவில்லை என்று பொருள். நொடிக்கு 23.976 சட்டகப் படத்துக்கு எழுதிய வரிகளை 25 சட்டகப் பிரதியோடு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகும். நகர்த்துவதால் இது தீராது. நேரங்கள் அனைத்தையும் அந்த விகிதத்தில் சுருக்கவோ நீட்டவோ வேண்டும். ‘சப்டைட்டில் எடிட்’ போன்ற இலவச மென்பொருள்களில் இதற்கு வசதி உண்டு. இதைச் செய்யாமல் நகைச்சுவை வரிகளின் நேரத்தைக் கையால் திருத்தியவர், பிறகு விகிதம் மாற்றும்போது அத்தனை உழைப்பையும் இழப்பார்.