சமன்படும் வைத்திருப்புக் காலம்

சமன்படும் வைத்திருப்புக் காலம் என்பது, ஒரு பங்கை வாங்கி விற்கும் செலவை அதன் எதிர்பார்க்கும் வருவாய் ஈடுகட்ட ஆகும் காலமாகும்.

ஒரு பங்கை விற்பவர் ரூ.100.20 கேட்கிறார், வாங்குபவர் ரூ.99.80 தருகிறார் எனக் கொள்வோம். உடனே வாங்கி விற்றால் இந்த விலை இடைவெளியிலேயே 40 பைசா போய்விடும். இந்தியாவில் டெலிவரி எடுக்கும் பங்குகளுக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% பங்கு பரிவர்த்தனை வரி உண்டு. அது 20 பைசா. தரகும் முத்திரைத்தாள் வரியும் பிறவும் 15 பைசா என்றால், மொத்தச் செலவு ஏறத்தாழ 0.75%.

ஆண்டு வருவாய் 12% என்றால், 0.75 ÷ 12 × 365, அதாவது சுமார் 23 நாட்கள் பங்கை வைத்திருந்தால்தான் செலவு ஈடாகும். மாதந்தோறும் பங்கை மாற்றுபவருக்குச் செலவே 9%. மிஞ்சுவது 3% மட்டுமே. வணிகம் குறைந்த சிறு நிறுவனப் பங்குகளில் இடைவெளி பெரிதாக இருப்பதால், இக்காலம் இன்னும் நீளும்.