தசையின் எடையும் கொழுப்பின் எடையும்: பளுப் பயிற்சி செய்வோர் அறிய வேண்டிய குறியெண்

உடல் நிறை குறியெண் எனப்படும் பி.எம்.ஐ. என்பது, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றது 77 கிலோ பிரிவில். அந்த எடையில் 170 செ.மீ. உயரமுள்ள எவருக்கும் பி.எம்.ஐ. 26.6 வரும். அதாவது, கணக்குப்படி அப்படிப்பட்டவர் உடல் பருமன் உள்ளவர்.

இந்தக் குறையை ஈடுசெய்வது கொழுப்பற்ற நிறைக் குறியெண், அதாவது எஃப்.எஃப்.எம்.ஐ. மொத்த எடையிலிருந்து கொழுப்பைக் கழித்துவிட்டு, மீதியை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அந்த மீதியில் தசை மட்டுமல்ல, எலும்பு, உள்ளுறுப்புகள், நீர் எல்லாம் அடங்கும்.

தருமபுரி மாவட்டம் அரூரில் ஜிம்முக்குப் போகும் ஓர் இளைஞரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உயரம் 1.68 மீட்டர், எடை 82 கிலோ, உடல் கொழுப்பு 15 விழுக்காடு. பி.எம்.ஐ. 29. கொழுப்பு 12.3 கிலோ போக மீதி 69.7 கிலோ, அதை வகுத்தால் எஃப்.எஃப்.எம்.ஐ. 24.7. அதே உயரமும் எடையும் கொண்டு, உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஒருவருக்குக் கொழுப்பு 32 விழுக்காடு இருந்தால், அவருக்கும் பி.எம்.ஐ. அதே 29தான், எஃப்.எஃப்.எம்.ஐ. மட்டும் 19.8. எதிர்த்திசையிலும் இது உதவும். அதே உயரமுள்ள ஓர் ஆண் 58 கிலோ எடையில் ஒல்லியாகத் தெரிந்தாலும், கொழுப்பு 26 விழுக்காடு இருந்தால் இந்த எண் 15.2-க்கு இறங்கிவிடும். ஆண்களுக்கு 17-க்குக் கீழ், பெண்களுக்கு 15-க்குக் கீழ் என்றால் ஊட்டக்குறைவு மதிப்பீட்டில் அது தசைக் குறைவாகக் கொள்ளப்படுகிறது. பி.எம்.ஐ. 20.5 என்பதை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஜிம்களில் அடிபடும் ‘25தான் எல்லை’ என்ற பேச்சு 1995-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. 157 ஆண் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்ததில், ஸ்டீராய்டு எடுக்காதவர்களின் எண் ஏறத்தாழ 25-ஐத் தாண்டவில்லை. ஆனால் அதே ஆய்வு, ஸ்டீராய்டு பரவுவதற்கு முந்தைய 1939–59 காலத்து ‘மிஸ்டர் அமெரிக்கா’ வெற்றியாளர்களுக்குச் சராசரியே 25.4 என்று மதிப்பிட்டது. எனவே 25-ஐத் தாண்டியவரெல்லாம் ஊசி போட்டவர் என்று முடிவுகட்டுவது தவறு. ஊக்கமருந்துக் குற்றத்தை நிறுவ மாதிரிப் பரிசோதனை போன்ற சான்று வேண்டும். இந்த எண் போதாது.

அளவீட்டிலும் பிழை வரும். பாதங்களில் மின்னோட்டம் செலுத்திக் கொழுப்பைக் காட்டும் எடைக்கருவி, உடலின் நீரைப் பொறுத்து மாறி மாறிக் காட்டும். அரூர் இளைஞரின் கொழுப்பை அது 15-க்குப் பதில் 20 என்று காட்டினால் எஃப்.எஃப்.எம்.ஐ. 23.2-ஆகிவிடும். அந்த ஆய்வு கையாண்ட உயரத் திருத்தத்தையும் சேர்த்தால் முதல் அளவு 25.5, இரண்டாவது 24. ஒரே உடல், ஒரே நாள், எல்லைக்கு இருபுறமும்! கிரியேட்டின் உடலில் தேக்கும் நீரும் தசைக் கணக்கில்தான் சேரும். காலையில் வெறும் வயிற்றில், அதே கருவியில் அளந்து, மாதக்கணக்கில் எண் போகும் போக்கைப் பார்ப்பதே பயன் தரும். கூடவே இடுப்பைச் சுற்றி நாடா வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ.க்கு மேல் போனால், தசை எவ்வளவு இருந்தாலும் வயிற்றுக் கொழுப்பைக் கவனித்தே ஆகவேண்டும்.

பி.எம்.ஐ.யை மட்டும் பார்த்துக் காப்பீட்டு நிறுவனம் கூடுதல் பிரீமியம் கேட்டால், கொழுப்பு அளவு, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றை மருத்துவர் அறிக்கையாக இணைத்து மறுபரிசீலனை கேட்கலாம். விண்ணப்பதாரர் சம்மதிக்காமல் கூடுதல் தொகையைச் சுமத்த முடியாது. பாலிசி கைக்கு வந்தபின் 30 நாளுக்குள் திருப்பித் தரவும் உரிமை உண்டு. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் தீராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

காப்பீட்டுச் சிக்கலைவிடப் பெரிய ஆபத்து, எஃப்.எஃப்.எம்.ஐ.யில் 25-ஐ எட்டிப் பிடிக்க ஊசிக்குப் போவது. டெஸ்டோஸ்டிரோன், நான்ட்ரோலோன் போன்றவை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். உரிமமில்லாத பயிற்சியாளர் அவற்றை விற்பது சட்டப்படி குற்றம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. விரை சுருங்குவது, விந்தணு குறைவது, நல்ல கொழுப்பு சரிவது, இதயத் தசை தடிப்பது ஆகியவை தொடரும். ஊசியே போடாதவருக்கும் சில வாரங்களிலேயே எடை மளமளவென ஏறி, முகப்பருவும் மார்பில் வலியோடு வீக்கமும் தெரிந்தால், புரதப் பவுடர் டப்பாவிலோ மாத்திரையிலோ ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்போது பில்லையும் தொகுதி எண் அச்சிட்ட டப்பாவையும் பத்திரப்படுத்த வேண்டும். மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும், புரதப் பவுடர் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திடீரென நிறுத்தும்போது சோர்வும் கடும் மனச்சோர்வும் வருவதுண்டு என்பதால், அவருடைய கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு.