பென்ஷன் புத்தகம் தொலைந்தால் எங்கே போய்க் கேட்பது?

ஓய்வூதியக் கொடுப்பாணையைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் 'பென்ஷன் புத்தகம்' என்றே சொல்கிறார்கள். ஆபீஸ் வழக்கில் அது பி.பி.ஓ. மாநில அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு அதை வழங்குவது சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம், அதாவது ஏ.ஜி. ஆபீஸ். அது தொலைந்துவிட்டால் பென்ஷனே நின்றுவிடும் என்று பலர் பதறுகிறார்கள். அப்படி நிற்காது. அந்த ஆணை இரண்டு பாதிகளாக வழங்கப்படுகிறது. ஒன்று ஓய்வூதியரின் கையில் இருக்கும். மற்றொன்று பணம் வழங்கும் கருவூலத்தில் இருக்கும். மாதாமாதம் பணம் வருவது கருவூலத்தின் பாதியை வைத்துத்தான்.

இதனால்தான் வீட்டுப் பாதி தொலைந்ததே ஆண்டுக்கணக்கில் தெரியாமல் போகிறது. எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசுத் துறையில் எழுத்தராக இருந்தவர், 1950-ல் பிறந்தவர், 58 வயது நிறைந்து 2008-ன் நடுவில் ஓய்வு பெறுகிறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது வீட்டுக் கூரை போய், பரணில் இருந்த டிரங்குப் பெட்டி நனைந்து, உள்ளே இருந்த காகிதமெல்லாம் கூழாகிறது. பென்ஷன் மட்டும் வங்கிக்கு வழக்கம்போல வருகிறது. அவரும் புத்தகத்தைப் பற்றி நினைக்கவில்லை. 2023 டிசம்பரில் அவர் இறந்துபோகிறார். மனைவி சார்நிலைக் கருவூலத்துக்குப் போய் நிற்கிறார்.

"அம்மா, ஐயாவோட பென்ஷன் புக்கு கொண்டாந்தீங்களா?"

"புயல்ல போச்சு தம்பி."

"நம்பராவது தெரியுமா?"

அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். புத்தகம் இல்லாமல் சமாளிக்கலாம், எண் இல்லாவிட்டால்தான் திண்டாட்டம். எண்ணைக் கண்டுபிடிக்க இடங்கள் உண்டு. ஆண்டு நேர்காணலுக்குக் கொடுத்த வாழ்வுச் சான்றின் நகல், பழைய பென்ஷன் சீட்டு, ஓய்வு பெற்றபோது துறைக்கு வந்த கடிதம் ஆகியவற்றில் அது இருக்கும். எதுவுமே இல்லையென்றால் பென்ஷன் வரவான வங்கிக் கணக்கின் எண்ணையும் இறந்தவரின் பெயரையும் பிறந்த தேதியையும் ஓய்வு பெற்ற அலுவலகத்தையும் எழுதிக் கொடுத்து, கருவூலப் பதிவிலேயே தேடச் சொல்லலாம். கணக்கு எண்ணை வைத்துத் தேடுவது அவர்களுக்குக் கடினமல்ல.

எண் கிடைத்த பிறகு விண்ணப்பம். இது ஏ.ஜி. ஆபீஸுக்கு நேரே போக வேண்டியதில்லை. பணம் வழங்கும் கருவூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் மறுபாதி அங்கே இருக்கிறது. பலர் சென்னைக்குப் பேருந்து ஏறிப் போய், கருவூலத்தின் மூலமாக வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். விண்ணப்பத்தில் கதை வேண்டாம். இவ்வளவு எழுதினால் போதும்:

"என் கணவரின் ஓய்வூதியக் கொடுப்பாணை எண் இது. ஓய்வூதியர் பாதி 30.12.2011 அன்று தானே புயலில் நனைந்து அழிந்துவிட்டது. அதை யாரிடமும் அடமானமாகவோ வேறு வகையிலோ ஒப்படைக்கவில்லை. பின்னர் கிடைத்தால் உடனே கருவூலத்தில் ஒப்படைப்பேன். இரண்டாம் படி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதோடு காவல் நிலையத்தில் மனு கொடுத்துப் பெற்ற சி.எஸ்.ஆர். ரசீது, அடையாளச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், புகைப்படம் ஆகியவற்றை இணைப்பது நல்லது. விண்ணப்பத்தின் இன்னொரு பிரதியில் கருவூல முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் வீடு திரும்பக் கூடாது. பிறகு நினைவூட்டுவதற்கு அந்த ஒரு முத்திரையே பிடி.

கருவூலத்தில் உள்ள பாதி பத்திரமாக இருந்தால் வேலை எளிது. அதோடு ஒப்பிட்டுத்தான் புதிய பாதி உருவாகும், எண்ணும் பழைய எண்ணாகவே இருக்கும். சில சமயம் கருவூலப் பாதியும் காணாமல் போயிருக்கும், முக்கியமாக ஓய்வூதியர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர்க் கருவூலத்துக்குக் கணக்கை மாற்றிய இடங்களில். அப்போது ஏ.ஜி. ஆபீஸ்தான் தன் பதிவிலிருந்து மீண்டும் வழங்க வேண்டும். அதற்குக் கடைசியாக எந்த மாதம் வரை, எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்று கருவூலம் சான்று தர வேண்டும். ஒரே ஆணையை வைத்து இரண்டு இடத்தில் பணம் பெற்றுவிடக் கூடாது என்பதே அதன் காரணம். புதிய ஓய்வூதியருக்கு ஆணை வழியிலேயே தொலைந்தால் இதே தர்க்கம்தான்: இதுவரை எதுவும் வழங்கப்படவில்லை என்ற சான்று போனால்தான் மறு ஆணை வரும். ஆகவே மாதக்கணக்கில் தாமதமானால், "எப்போது வரும்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "கருவூலச் சான்று ஏ.ஜி. ஆபீஸுக்குப் போய்விட்டதா, எந்தக் கடித எண், எந்தத் தேதி?" என்று கேட்பதே பலன் தரும்.

நம் கடலூர்க் குடும்பத்துக்குத் திரும்புவோம். மனைவியின் பெயர் அந்த ஆணையிலேயே குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவராகப் பதிவாகியிருந்தால், கணவரின் இறப்புச் சான்றோடு விண்ணப்பித்தால் கருவூலமே அதைத் தொடங்கலாம். இரண்டாம் படி வந்ததும் அதை அலமாரியில் வைக்காமல் ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கின்றனவா? 80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் 20 விழுக்காடு கூடுதல் கிடைக்கும், பிறந்த தேதி இல்லாவிட்டால் அந்த நாளில் மீண்டும் அலைய வேண்டும். அடுத்து, கணவர் ஓய்வு பெற்றபோது பென்ஷனில் ஒரு பகுதியைத் தொகுத்து மொத்தமாக வாங்கியிருந்தாரா? வாங்கியிருந்தால் அந்தப் பிடித்தம் 15 ஆண்டுகளில் முடிந்து முழுப் பென்ஷன் திரும்ப வேண்டும். 2008-ன் நடுவில் வாங்கியவருக்கு 2023-ன் நடுவில் திரும்பியிருக்க வேண்டும். அவர் இறந்தது டிசம்பரில். இடைப்பட்ட மாதங்களில் பழைய குறைந்த தொகையே வந்திருந்தால், அந்த வித்தியாசம் உயிர்க்கால நிலுவையாக மனைவிக்கு வர வேண்டிய பணம். தொகுத்த தொகையும் தேதியும் எழுதியிருப்பது அந்தப் புத்தகத்தில்தான். தொலைந்த காகிதத்தைத் திரும்பப் பெற இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை. ஆதாரில் ஒரு மாதிரியும் பென்ஷன் புத்தகத்தில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால், இரண்டாம் படி கேட்கும் விண்ணப்பத்திலேயே திருத்தத்தையும் சேர்த்துக் கேட்காதீர்கள். இரண்டாம் படி என்பது பழையதை அப்படியே எடுத்துத் தருவது. திருத்தம் என்றால் துறையிடமிருந்து ஆதாரமும் பரிந்துரையும் போக வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் எளிய வேலை கடின வேலைக்காகக் காத்துக் கிடக்கும்.

புத்தகம் தொலையாமலேயே தொலைந்துபோகிற வீடுகளும் உண்டு. கைமாற்றாகக் கடன் கொடுத்தவர் அதை ஈடாக வாங்கி வைத்திருப்பார். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது, அது பொய் வாக்குமூலம். அதற்கு அவசியமும் இல்லை. 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. புத்தகத்தை வைத்திருப்பதால் கடன்காரருக்குப் பென்ஷன் மீது எந்த உரிமையும் வராது. புத்தகம் இன்னாரிடம் இருக்கிறது, கேட்டும் தரவில்லை என்று கருவூலத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பதே சரியான வழி.

இனி பணிப்பதிவேடு. ஊழியர்கள் இதை 'எஸ்.ஆர்.' என்பார்கள். மூலம் எப்போதும் அலுவலகத்தின் பொறுப்பில் இருப்பது, ஊழியரிடம் இருப்பது நகல் மட்டுமே. மத்திய அரசில் இதற்குத் தெளிவான விதி உண்டு. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், பணிப்பதிவேட்டை இரண்டு படிகளாக வைத்து ஒன்றை ஊழியரிடம் கொடுக்கச் சொல்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரியில் ஊழியர் அதைக் கொடுத்தால், அலுவலகம் பதிவுகளைச் சேர்த்து 30 நாளில் திருப்பித் தர வேண்டும். ஊழியர் தம் படியைத் தொலைத்துவிட்டால் 500 ரூபாய் கட்டி மாற்றுப் படி பெறலாம்.

மாநில அரசில் ஓய்வு பெற்றவர் நகல் கேட்டு முதலில் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு எழுதலாம். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதில் தர 30 நாள். தன் பதிவேட்டைத் தானே கேட்பதால் பிறர் தனியுரிமை என்ற தடை எழாது.

உண்மையான சிக்கல், அலுவலகமே மூலத்தைத் தொலைத்துவிடுவது. ஓய்வு நெருங்கும்போது, பல இடமாறுதலுக்கு நடுவில் எஸ்.ஆர். எங்கோ மாட்டிக்கொண்டது தெரியவரும். இதற்காக ஊழியரின் பணிக்காலம் இல்லாமல் போய்விடாது. சம்பளப் பட்டியல், பட்டுவாடாப் பதிவேடு போன்றவற்றிலிருந்து பணியைச் சரிபார்த்து, பதிவேட்டை மீண்டும் எழுத வேண்டியது அலுவலகத் தலைவரின் கடமை. எந்த ஆவணமும் கிடைக்காத காலத்துக்கு, அந்த நாட்களில் தாம் பணியாற்றியதாக ஊழியரே எழுத்து மூலம் உறுதிமொழி தந்து, கையில் உள்ள சான்றுகளை இணைக்கவும் ஓய்வூதிய விதிகளில் இடம் உண்டு.

அந்தச் சான்றுகளில் பலர் மறந்துவிடுவது வருங்கால வைப்பு நிதியின் ஆண்டுக் கணக்குச் சீட்டு, அதாவது ஜி.பி.எஃப். சீட்டு. ஏ.ஜி. ஆபீஸ் ஆண்டுதோறும் அனுப்பிய அந்தச் சிறு தாளில், எந்த ஆண்டு எவ்வளவு சந்தா பிடிக்கப்பட்டது என்று இருக்கும். சம்பளம் வாங்காதவருக்குச் சந்தா பிடிக்க முடியாது. அலுவலகத்தின் சம்பளப் பட்டியல்கள் கழித்துக்கட்டப்பட்டிருந்தாலும், வேறொரு அலுவலகத்தின் கணக்கு இவர் பணியில் இருந்ததைச் சொல்லும். நியமன ஆணை, இடமாறுதல் ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை, கடைசி ஊதியச் சான்று, முதுநிலைப் பட்டியல் எல்லாம் இடைவெளிகளை நிரப்பும். காலவரிசையில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு ஆண்டுக்கு எதிரிலும் அதற்கான ஆதாரத்தைக் குறித்துக் கொடுத்தால், மறுபதிவேடு எழுதும் எழுத்தருக்குப் பாதி வேலை குறையும். எந்த ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன என்பது உங்களுக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலோடு அலுவலகம் நிறுத்திக்கொண்டால் ஏற்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் ஒரு காலத்தில் இருந்த ஆவணம் காணவில்லை என்றால், அதை முழுமையாகத் தேடவும், தொலைந்ததற்குப் பொறுப்பானவரை விசாரித்துக் கண்டறியவும் வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-ல் தகவல் உரிமை வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் வந்த 30 நாளுக்குள், மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதில், பதிவேட்டை எந்தத் தேதியில் எந்த அலுவலகம் கடைசியாகப் பெற்றுக்கொண்டது என்ற விவரத்தையும் மீண்டும் எழுதுவதற்கான உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள்.